விடை சரி, மார்க் ஆறு: ஒரு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பேப்பரைத் திருத்துவது எப்படி

மதுரையைச் சுற்றி எந்த ஊரிலும் போர் போட்டு வரும் தண்ணீரைப் பத்தி ஒரு புகார் இருக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியின் அடியில் வெள்ளையாய் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எங்கள் கல்லூரி லேபில் முதலாண்டுக்கு நான் விரும்பி வைக்கும் பரிசோதனை நீரின் கடினத்தன்மை. சாம்பிளை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்வேன். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று ஒவ்வொருவரும் ஒரு வாட்டர் பாட்டிலோடு வருவார்கள், யார் ஊர்த் தண்ணீர் அதிகம் உப்பு என்று ஒரு போட்டியே நடக்கும்.

போன செமஸ்டரில் ஒரு மாணவி பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தாள். "சார், ஆன்சர் கரெக்ட்டுதானே? பிறகு ஏன் பத்துக்கு ஆறு? அவன் ஆன்சரே தப்பு, அவனுக்கு ஒன்பது போட்டிருக்கீங்க." கேள்வி நியாயமானது. அன்றைக்கு அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பிராக்டிகல் எழுதப் போகிறவர்களுக்கும், புதிதாக லேபில் சேர்ந்து முதல் கட்டு பேப்பரைத் திருத்தப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் பரிசோதனை என்னவென்று சுருக்கமாகப் பார்ப்போம். 50 மி.லி. தண்ணீரை பிப்பெட்டில் எடுத்து கூம்புக் குடுவையில் விடுகிறோம். அம்மோனியா பஃபர் சேர்த்து pH-ஐ 10-இல் நிறுத்துகிறோம். எரியோகுரோம் பிளாக் டி என்ற நிலைகாட்டியைக் கொஞ்சம் போட்டால் கரைசல் ஒயின் சிவப்பாகிறது. பியூரெட்டில் இ.டி.டி.ஏ. கரைசல் இருக்கிறது, அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்றினால் ஒரு கட்டத்தில் சிவப்பு முழுதாய்ப் போய் தெளிந்த நீலம் வரும். அதுதான் முடிவுநிலை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் அயனிகள் எத்தனையோ, சரியாக அத்தனை இ.டி.டி.ஏ. மூலக்கூறுகள் செலவாகியிருக்கும், ஒன்றுக்கு ஒன்று கணக்கு.

அவள் பேப்பரில் இருந்த அளவீடுகள் இவை. இ.டி.டி.ஏ.யின் மோலாரிட்டி 0.0102. முதல் முறை தோராயமாக விட்டுப் பார்த்ததில் 18.7 மி.லி., அதற்குப் பிறகு இரண்டு முறையும் 18.35 மி.லி. தோராய அளவை ஒதுக்கிவிட்டு, ஒத்துவந்த 18.35-ஐ மட்டும் கணக்குக்கு எடுத்திருந்தாள். இது சரி. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அப்படி எடுத்தால் 18.47 வரும், வேண்டுமென்றே கவனமில்லாமல் விட்ட ஒரு அளவு நல்ல இரண்டு அளவுகளையும் கெடுத்துவிடும். கணக்கை இப்படிப் போட்டிருந்தாள்:

0.0102 × 18.35 × 100.09 × 1000 / 50 = 374.676906 மி.கி.

கீழே விளக்கம் மூன்று வரி. "நிறம் சிவப்பிலிருந்து நீலமாக மாறியதால் இது முடிவுநிலை. பிழைக்குக் காரணம் மனிதத் தவறு. எனவே இந்தத் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல."

பேப்பர் அவ்வளவுதான். பத்து மார்க்கை நான் கணக்குக்கு நான்கு, அலகுக்கு இரண்டு, முக்கிய எண்ணுருக்களுக்கு ஒன்று, விளக்கத்துக்கு மூன்று என்று பிரித்து வைத்திருந்தேன். பிரிப்பு ஒவ்வொரு இடத்திலும் மாறும், இது என் லேபின் பிரிப்பு. ஆனால் திருத்த உட்காரும் முன்பே பிரித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லையென்றால் பத்தாவது பேப்பரில் அலகு இல்லாததற்கு ஒரு மார்க் வெட்டுவோம், நாற்பதாவது பேப்பரில் கை அசந்து விட்டுவிடுவோம்.

கணக்கில் அவளுக்கு நாலுக்கு நாலு. இங்கே நான் பார்ப்பது, அவள் எழுதிய அளவீட்டிலிருந்து அவள் எழுதிய விடை வருகிறதா என்பதை மட்டும்தான். என்னிடம் இருக்கும் "சரியான" விடையோடு ஒப்பிடுவது வேறு வேலை, அதற்கு அளவீட்டின் துல்லியம் என்று தனி மார்க் வைக்கலாம். இரண்டையும் கலந்தால் ஒரே பிழைக்கு இரண்டு முறை அடி விழும். அளவீட்டில் ஒன்று இருக்க விடையில் வேறொன்று பளிச்சென்று சரியாக இருந்தால், அது பக்கத்து பெஞ்சிலிருந்து வந்த விடை. கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவள் குறிப்பிட்ட அந்தப் பையன் 50 மி.லி. எடுத்துவிட்டு, கணக்கில் 100 என்று போட்டிருந்தான். மற்றதெல்லாம் சரி. விடை 187 மி.கி./லிட்டர் என்று வந்தது. ஒரு படியில் ஒரு தவறு, அதற்கு ஒரு மார்க் போச்சு, நாலுக்கு மூன்று. அந்தத் தவறான எண்ணை வைத்து அதற்குப் பிறகு அவன் செய்த ஒவ்வொன்றும் முறையாக இருந்தது, அதனால் அங்கே மேலும் வெட்ட எனக்கு உரிமையில்லை. ஒரு பிழைக்கு ஒரு தண்டனை. இதைப் புதிதாய்த் திருத்துகிறவர்கள் ஏற்றுக்கொள்ளத் தயங்குவார்கள், ஏனென்றால் கடைசி விடை தப்பாய் இருக்கும்போது சிவப்புப் பேனா தானாகவே முழுப் பக்கத்தையும் குறுக்கே அடிக்கப் பார்க்கும்.

அவன் அதைத் தானே கண்டுபிடித்திருக்கவும் முடியும். 0.01 மோலார் இ.டி.டி.ஏ. ஒரு மி.லி. செலவானால் அது 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அப்படியானால் பதினெட்டு மி.லி.க்குச் சுமார் 18 மி.கி., அது 50 மி.லி. தண்ணீரில் இருப்பது, லிட்டருக்கு அதைப்போல் இருபது மடங்கு, ஆக 360-க்குப் பக்கத்தில் வர வேண்டும். மனக்கணக்காய்ப் பத்து வினாடி வேலை. 187 என்று பார்த்ததும் எங்கேயோ பாதியாகிவிட்டது என்று உறைத்திருக்கும்.

சரி, அலகுக்கு வருவோம். அவள் "மி.கி." என்று மட்டும் எழுதியிருந்தாள். 374 மி.கி. எதில்? குடுவையிலா, லிட்டரிலா, அவள் வீட்டுத் தொட்டியிலா? 1000-ஐ 50-ஆல் வகுத்ததே லிட்டருக்கு மாற்றத்தான், அதை அவள் செய்திருக்கிறாள், ஆனால் எழுதவில்லை. அதனால் இரண்டுக்கு ஒன்று. முழு மார்க் வாங்க "மி.கி./லிட்டர், கால்சியம் கார்பனேட்டாக" என்று எழுத வேண்டும். அந்தக் கடைசி இரண்டு சொற்களை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீரில் கால்சியமும் இருக்கிறது, மக்னீசியமும் இருக்கிறது, எது எவ்வளவு என்று இந்தப் பரிசோதனை பிரித்துச் சொல்லாது. இரண்டையும் சேர்த்து, எல்லாம் கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் எவ்வளவு எடை இருக்குமோ அந்த எடையில் சொல்லுவது ஒரு வழக்கம். கணக்கில் வரும் 100.09 அதன் மோலார் நிறைதான். "லிட்டருக்கு 375 மி.கி. சுண்ணாம்பு இருக்கிறது" என்று ஒருவர் முடிவு எழுதினால் அவருக்கு இந்த அலகு புரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அலகை விடைக்குப் பக்கத்தில் மட்டும் ஒட்டாமல் ஒவ்வொரு படியிலும் எழுதினால் ஒரு பெரிய ஆபத்து தீரும். மோலாரிட்டி என்பது லிட்டருக்கு எத்தனை மோல். அதை மி.லி.யால் பெருக்கினால் வருவது மில்லிமோல், மோல் இல்லை. 0.0102-ஐ 18.35-ஆல் பெருக்கி வரும் 0.18717-ஐ மோல் என்று எடுத்துக்கொண்டால் விடை ஆயிரம் மடங்கு பெருத்து லிட்டருக்கு 375 கிராம் என்று வரும். இப்படி வந்த பேப்பர்கள் என்னிடம் இருக்கின்றன. கடல் தண்ணீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான். உசிலம்பட்டி போர் தண்ணீர் எவ்வளவு மோசமானாலும் கடலைப்போல் பத்து மடங்கு இருக்காது. இந்த மாதிரி விடைக்கு நான் அலகில் ஒரு மார்க் எடுப்பேன், அதே பேப்பரில் "இந்த மதிப்பு நம்பும்படி இல்லை, மாற்றுவதில் பிழை இருக்கலாம்" என்று எழுதியிருந்தால் விளக்கத்தில் ஒரு மார்க் கூடுதலாகக் கொடுப்பேன்.

இப்போது அந்த 374.676906. மாணவர்கள் அதிகம் சண்டை போடுவது இங்கேதான். "கால்குலேட்டர்ல அப்படித்தான் சார் வந்துச்சு." வந்தது உண்மைதான், கால்குலேட்டருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. நிறுத்த வேண்டிய இடத்தை அளவீடுகள்தான் சொல்லும்.

0.0102-இல் முக்கிய எண்ணுருக்கள் மூன்று: 1, 0, 2. முன்னால் இருக்கும் பூச்சியங்கள் புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் இருக்கின்றன, அவை கணக்கில் சேராது. 18.35-இல் நான்கு. பியூரெட்டின் மிகச் சிறிய கோடு 0.1 மி.லி., இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணால் கணித்து எழுதிய அந்த 5 கொஞ்சம் சந்தேகமானது, ஆனாலும் அர்த்தமுள்ளது. சரியாகக் கோட்டின் மேலேயே நின்றால் 18.30 என்று எழுத வேண்டும், வெறும் 18.3 என்று எழுதினால் நடுவே பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும். பிப்பெட்டில் எடுத்ததை 50 என்று எழுதாமல் 50.0 என்று எழுதினால் மூன்று எண்ணுருக்கள் என்பது தெளிவாகும். 1000 என்பது மாற்று எண், அளந்தது இல்லை, அதனால் அது எதையும் கட்டுப்படுத்தாது. பெருக்கல் வகுத்தலில், இருப்பதிலேயே எண்ணுருக்கள் குறைவான அளவு எதுவோ அத்தனை எண்ணுருக்கள்தான் விடைக்கும். இங்கே மூன்று. ஆக விடை 375 மி.கி./லிட்டர்.

விதியைச் சொன்னால் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். அதனால் அவளிடம் ஒரு சின்னக் கணக்குப் போடச் சொன்னேன். மோலாரிட்டி 0.0102 என்றால் உண்மையில் அது 0.01015-க்கும் 0.01025-க்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது, நமக்கு அவ்வளவுதான் தெரியும். முதல் எண்ணைப் போட்டால் 372.8 வருகிறது. இரண்டாவதைப் போட்டால் 376.5. அவளே போட்டுப் பார்த்தாள். மூன்றாவது இலக்கமே ஆடுகிறது, அதற்கு அப்புறம் வரும் .676906-க்கு என்ன பொருள்? கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இது நான் அளக்காத எண்ணா சார்" என்றாள். ஆமாம், அளக்காததை அளந்ததாக எழுதுவதற்குத்தான் அந்த ஒரு மார்க் போகிறது.

இதிலேயே எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. எண்ணுருக்களைக் குறைக்க வேண்டும் என்று கேட்டதும் சிலர் நடுவிலேயே குறைத்துவிடுவார்கள். 0.18717-ஐ 0.19 என்று ஆக்கி மேலே போனால் விடை 380 ஆகிவிடும். ஐந்து மி.கி. எங்கிருந்தோ முளைத்துவிட்டது. நடுப்படிகளில் ஒன்றிரண்டு இலக்கம் அதிகமாகவே வைத்துக்கொண்டு கடைசி வரியில் மட்டும் முழுமையாக்க வேண்டும். இதற்கு எண்ணுரு மார்க்கை எடுப்பேன், கணக்கு மார்க்கைத் தொட மாட்டேன், முறை சரியாகத்தானே இருக்கிறது.

விளக்கம்தான் திருத்துகிறவருக்கு உண்மையிலேயே கஷ்டமான பகுதி, ஏனென்றால் இங்கே டிக் போடுவதற்கு ஒரு எண் இல்லை. நீளத்தைப் பார்த்து மார்க் போடும் பழக்கம் எளிதில் வந்துவிடும். நான் மூன்று விஷயம் மட்டும் தேடுவேன்: ஏன் நடந்தது, பிழை எந்தப் பக்கம் தள்ளும், முடிவு விடையைத் தாண்டிப் போகிறதா.

அவளுடைய முதல் வரி, நிறம் மாறியதால் முடிவுநிலை. கண்ணால் பார்த்ததையே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். நிறம் ஏன் மாறுகிறது என்பதுதான் விளக்கம். ஆரம்பத்தில் நிலைகாட்டி கொஞ்சம் மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கூட்டுதான் ஒயின் சிவப்பு. இ.டி.டி.ஏ. உள்ளே போனதும் முதலில் தனியாய்த் திரியும் அயனிகளைப் பிடிக்கிறது, அவை தீர்ந்ததும் நிலைகாட்டியிடமிருக்கும் மக்னீசியத்தையும் பறிக்கிறது, ஏனென்றால் அதன் பிடி இன்னும் வலுவானது. கையிலிருந்ததை இழந்த நிலைகாட்டி pH 10-இல் நீலமாய்த் தெரிகிறது. இவ்வளவும் எழுத வேண்டியதில்லை, "இ.டி.டி.ஏ. நிலைகாட்டியிடமிருந்து மக்னீசியத்தை எடுத்துக்கொள்வதால் நிலைகாட்டி விடுபட்டு நீலமாகிறது" என்று ஒரு வரி இருந்தால் முழு மார்க். கூடவே பஃபர் எதற்கு என்று எழுதினால் எனக்கு மிகவும் பிடிக்கும்: pH குறைந்தால் இ.டி.டி.ஏ.யின் பிடி தளர்ந்துவிடும், 12-க்கு மேல் போனால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிவாகி கணக்கிலிருந்தே நழுவிவிடும். அவளுடைய வரி தவறில்லை, பாதியில் நின்றுவிட்டது, அதனால் அரை மார்க்.

இரண்டாவது வரி, "மனிதத் தவறு". இதற்கு நான் எப்போதும் பூச்சியம்தான் போடுவேன், மனம் வருந்திக்கொண்டே. இந்த இரண்டு சொல்லை எந்தப் பரிசோதனையின் கீழும் எழுதலாம், அதனால் எந்தப் பரிசோதனையைப் பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை. பிழையைச் சொன்னால், என்ன நடந்தது, அதனால் விடை கூடுமா குறையுமா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு இ.டி.டி.ஏ.யால் ஒருமுறை அலசாமல் நிரப்பினால் கரைசல் நீர்த்துப்போகும், அதிக மி.லி. செலவாகும், கடினத்தன்மை கூடுதலாக வரும். கூம்புக் குடுவையை சாம்பிள் தண்ணீராலேயே அலசினால் உள்ளே கொஞ்சம் அதிகப்படி தங்கிவிடும், அதுவும் கூடுதலாகத்தான் காட்டும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழ் இருந்து நடுவில் வெளியேறினால் அந்த இடத்தை நிரப்பப் போன கரைசலும் கணக்கில் ஏறிவிடும், மறுபடியும் கூடுதல். ஆனால் குடுவையில் காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம் தங்கியிருந்தால்? ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அதில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை, அயனிகளின் எண்ணிக்கை மாறவில்லை. வாய்மொழித் தேர்வில் நான் தவறாமல் கேட்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான். "பாதிக்காது" என்று காரணத்தோடு சொல்கிறவருக்கு இந்தப் பரிசோதனை புரிந்துவிட்டது.

மூன்றாவது வரி, குடிக்க ஏற்றதல்ல. இந்தியத் தர நிர்ணயமான IS 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 200 மி.கி. என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அவளுடைய 375 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. "ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டியிருக்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காத நிலையில் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது" என்பதுதான் இந்த எண் சொல்ல அனுமதிக்கும் முடிவு. அதோடு, கடினத்தன்மை ஒன்றை மட்டும் அளந்துவிட்டு ஒரு தண்ணீர் குடிக்க உகந்தது, உகந்ததல்ல என்று சொல்லவே முடியாது. ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமிகள் எதையும் நாம் பார்க்கவில்லை. வரம்போடு ஒப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, அதற்காக அரை மார்க். ஆக விளக்கத்துக்கு மூன்றில் ஒன்று, மொத்தம் ஆறு.

அவனுடைய பேப்பரையும் அவள் முன்னாலேயே, அவனைக் கேட்டுக்கொண்டு, திறந்து காட்டினேன். 187 மி.கி./லிட்டர், கால்சியம் கார்பனேட்டாக. அலகு இரண்டு, எண்ணுரு ஒன்று. நீலம் ஏன் வந்தது என்று ஒரு வரி. முடிவுநிலைக்குப் பக்கத்தில் வினை மெதுவாக நடப்பதால் அவசரமாக விட்டால் முடிவுநிலையைத் தாண்டிவிடும், அப்போது விடை கூடுதலாக வரும் என்று ஒரு வரி. "கிடைத்த மதிப்பு 200-க்குள் இருப்பதால் கடினத்தன்மையைப் பொறுத்தவரை ஏற்கத்தக்க வரம்புக்குள் உள்ளது" என்று ஒரு வரி. அந்த "பொறுத்தவரை" என்ற சொல்லுக்காகவே எனக்கு அந்தப் பேப்பர் பிடித்தது. முடிவு உண்மையில் தவறு, ஆனால் அவன் கையிலிருந்த எண்ணிலிருந்து அது சரியாக வருகிறது. கணக்கில் போன அந்த ஒரு மார்க்கோடு அவன் தப்பின் விலை முடிந்தது.

ஒரு தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் இதே அறிக்கை போயிருந்தால் நிலைமை வேறு, அங்கே 375-க்குப் பதில் 187 என்று எழுதியவரை யாரும் விளக்கத்துக்காகப் பாராட்ட மாட்டார்கள். இதையும் இருவரிடமும் சொன்னேன். லேப் பேப்பரில் நான் மதிப்பிடுவது மாணவருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதை. அவனுக்குத் தெரியாமல் போனது ஒரே இடம், வகுக்க வேண்டிய எண்ணைத் தன் அட்டவணையிலிருந்து எடுக்காமல் பழக்கத்தில் 100 என்று எழுதிவிட்டான். அவளுக்கு மூன்று இடத்தில் விளங்காமல் இருந்தது, சரியான விடை அதை மறைத்துவிட்டது.

அடுத்த வாரம் அவள் இன்னொரு பாட்டிலோடு வந்தாள், தெருக்குழாயில் வரும் தண்ணீராம். மறுபடியும் செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். அளவீட்டை எழுதும்போது பியூரெட் சரியாக கோட்டில் நின்றது, 9.2 என்று எழுத ஆரம்பித்து, பேனாவை நிறுத்தி, 9.20 என்று எழுதினாள்.